நகல் மூன்று இடங்களுக்கு

காத்திருப்போர் பட்டியலில், என் பிரிவில், முதல் பெயர் என்னுடையது. ஒரு வருடம் முழுவதும் நான் அந்த ஒரு வரிக்குள்தான் குடியிருந்தேன். அதைப் பற்றி எழுத இப்போதுதான் மனம் வந்திருக்கிறது.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட், ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் உண்டு. கடை ஒரு கிறிஸ்தவ அக்காவுடையது. கல்லாவும் ஜெராக்ஸ் மெஷினும் அவர் பக்கம், கீபோர்டு என் பக்கம். மனு எழுத யாராவது வந்தால் அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல் என்னைக் கைகாட்டுவார்.

“அங்க போய் உக்காருங்க. அதுக்குத்தான் கவர்மெண்ட்டு தமிழ் தெரியும்.”

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வரும். மறைக்க வேண்டியதில்லை. என் அப்பாவும் அம்மாவும் நெடுங்காடு பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. நான் எட்டாவது படிக்கும்போது வீட்டுமனைப் பட்டாவுக்காக அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். யாரோ எழுதிக் கொடுத்த தாளை நீட்டிவிட்டு அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுல யாரு, யாருக்கு, என்னத்தக் கேக்குறாங்கன்னே தெரியலயே” என்று திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே நான் அதைத் திருத்தி எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று எல்லாம் போட்டு. மறுநாள் அதே மனிதர் வாங்கி முத்திரை வைத்தார். அப்பா வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. சரியாக எழுதப்பட்ட மனு நம் சார்பில் நிமிர்ந்து நிற்கும். நாம் குனிய வேண்டியதில்லை.

நான் எழுதியிருந்த அரசுத் துறை எழுத்தர் பணித் தேர்வின் முடிவு ஓர் அக்டோபர் மழை நாளில் அந்தத் துறையின் வலைத்தளத்தில் வந்தது. தேர்வு எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் விடைக்குறிப்பு வந்தது, ஆட்சேபணை கேட்டார்கள், திருத்திய விடைக்குறிப்பு வந்தது, பிறகு எதுவுமே வரவில்லை. திடீரென்று ஒருநாள் மதியம் ஆறு பக்கத்தில் ஒரு கோப்பு. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கடைசிப் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகக் காத்திருப்போர். என் பெயர் அங்கே இருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மூன்று வரிகள்: தேர்ந்தெடுக்கப்பட்டவர் பணியில் சேராவிட்டால் மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து அழைக்கப்படுவார்கள், பட்டியல் வெளியான நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே செல்லும், தனித்தனியாகத் தகவல் அனுப்பப்பட மாட்டாது.

என் பிரிவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றால் வேலை எனக்கு. அவ்வளவுதான் கணக்கு.

அப்பா இதை ஊரில் எப்படிச் சொல்லி வைத்தாரோ தெரியாது. நடவுக்குப் போன இடத்தில் அம்மாவிடம் ஒருத்தி கேட்டாளாம், “ஏங்க அத்தாச்சி, ஒங்க பொண்ணுக்குப் பாதி வேலை கெடச்சிருக்காமே? காலையில மட்டுமா, சாயங்காலம் மட்டுமா?” அம்மா சிரித்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் வந்து என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

“அது எப்பம்மா முழுசா ஆவும்?”

“கேட்டு எழுதுறேன்மா.”

எழுதினேன். ஜனவரியில் முதல் மனு. ‘மேற்காணும் பார்வையில் கண்ட அறிவிப்பின்படி வெளியிடப்பட்ட காத்திருப்போர் பட்டியலின் தற்போதைய நிலை குறித்து அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒரு பக்கம்கூட இல்லை. துறைத் தலைவருக்குப் பெறுநர் போட்டு, காரைக்காலில் இருக்கும் அதே துறையின் கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். தலைமை அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது. இடையில் தமிழ்நாட்டைக் கடந்து மூன்றரை மணி நேர பஸ். அதனால் இங்கே கொடுத்துவிட்டு, இன்னொரு படியில் முத்திரை வாங்கிக்கொள்வோம். அந்த முத்திரை வைத்த படியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

பதில் மார்ச்சில் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. விஷயம் பரிசீலனையில் இருப்பதாகவும், வலைத்தளத்தைத் தொடர்ந்து பார்க்குமாறும். நான் அதற்கே சந்தோஷப்பட்டேன். பதிலில் என் மனுவின் தேதியைச் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவள். என் பிரிவின் தேர்வுப் பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடையது. எனக்கு அந்த நான்கு பெயர்களும் மனப்பாடம். அவளுக்கு என் பெயர் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

“அக்கா, ஒரு மெயில் அனுப்பினேன். கலர்ல ரெண்டு காப்பி வேணும்.”

திறந்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நியமன ஆணை. சென்னையில். அடுத்த வாரமே சேர வேண்டும். தாள் மெஷினிலிருந்து வெளியே வர ஆரம்பித்தபோது என் காது சூடாகிவிட்டது. இரண்டு காப்பியையும் அடுக்கி, ஓரத்தைத் தட்டி நேராக்கி, கவரில் போட்டுக் கொடுத்தேன். வாழ்த்துகள்கூடச் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

அக்கா ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த நான்கு பெயர் மனப்பாடம். அந்த அளவுக்கு நான் படுத்தி வைத்திருந்தேன்.

“அவதானேடி மூணாம் நம்பரு?”

“ஆமாக்கா.”

“அங்க போறான்னா இங்க வேணாம்னுதானே அர்த்தம்? ‘ஏம்மா, இங்க எழுதிக் குடுத்துட்டியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாயில முத்தா வச்சிருந்த?”

“கஸ்டமர் பேப்பர்ல பாத்ததை வச்சு எப்படிக்கா கேக்குறது?”

“அடிப்பாவி. எனக்கே தொழில் தர்மம் சொல்றியா?”

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்கு இளையவளிடம் போய், நீ விட்டதை எனக்குக் கொடு என்று கேட்க என்னால் முடியவில்லை. கேட்க வேண்டியது அலுவலகத்திடம். அதை எழுத்தில் கேட்பேன். அவள் சேரவில்லை என்றால் அலுவலகமே என்னைக் கூப்பிடும், அதற்குத்தானே பட்டியல்? இப்படி நினைத்துக்கொண்டு ஜூன் முழுவதும் தினமும் காலையில் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். ஏதோ டெண்டர் அறிவிப்புகள் வந்தன. ஓர் இடமாறுதல் பட்டியல் வந்தது.

ஜூலையில் இரண்டாவது மனுவை எழுதினேன்.

நான் எழுதியவற்றில் அதுதான் மிகச் சிறந்த மனு. இப்போதும் அதில் ஒரு வார்த்தையை மாற்றத் தோன்றாது. யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. அவசரப்படுத்தவில்லை. பட்டியலின் காலவரம்பு அக்டோபரில் முடிவதை ஒரே ஒரு வாக்கியத்தில் ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ கொண்டு வந்திருந்தேன். என் பிரிவில் தேர்வானவர்கள் அனைவரும் பணியில் சேர்ந்துவிட்டார்களா என்பதை அறிய விரும்புவதாகக் கேட்டிருந்தேன். முடிவில், கையெழுத்துக்குக் கீழே, நகல் என்று போட்டு மூன்று இடங்களை வரிசையாக எழுதினேன். துறைச் செயலருக்கு ஒன்று. குறைகேட்புப் பிரிவுக்கு ஒன்று. மாவட்ட நிர்வாகத்துக்கு ஒன்று. மேலே இருப்பவர்களுக்கும் தெரிந்தால் கீழே இருப்பவர்கள் கிடப்பில் போட மாட்டார்கள் என்பது எங்கள் கடைக்கு வருகிற அத்தனை பேரின் நம்பிக்கை. நானே எத்தனை பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ‘நகல் போடும்மா, நகல் போட்டாத்தான் பயப்படுவாங்க’ என்பார்கள்.

மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அக்கா ஒப்புகைச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, “ஜனாதிபதிக்கு ஒண்ணு விட்டுப்போச்சே” என்றார்.

ஆகஸ்ட் பாதி வரைக்கும் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். அக்கா தன் கைப்பேசியை எடுத்துத் துறையின் தலைமை அலுவலக எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போது என் கையில் திணித்துவிட்டார்.

“பேசு. மனு மாதிரியே பேசு, பரவால்ல.”

எழுத்தில் இருக்கும் தைரியம் எனக்குக் குரலில் கிடையாது. மூன்று பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்த பிறகு, நியமனப் பிரிவில் ஒருவர் எடுத்தார். வயதானவர் குரல். வணக்கம் சொல்லி, பதிவெண் சொல்லி, ‘தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்’ என்றேன்.

“நீங்கதானா அது? காரைக்கால் பொண்ணு?”

“ஆமாங்க சார்.”

“போன்ல இதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. பொதுவா சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒருத்தர் சேராம டைம் கேட்டிருந்தா, அந்த டைம் முடியற வரைக்கும் எடம் அவங்களுதுதான். முடிஞ்சதும் நாங்க நோட்டீஸ் குடுக்கணும், பதிலுக்குக் காத்திருக்கணும், அப்புறம் ரத்து பண்ணணும். அதுக்குள்ள வருஷம் போயிரும். ஆனா அவங்களே, ‘எனக்கு இந்த வேலையில விருப்பமில்லை’ன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டா அன்னிக்கே நோட்டு போட்டு அடுத்த பேரை எடுக்கலாம். புரியுதா?”

“புரியுதுங்க சார். மிக்க நன்றி.”

“நல்லா எழுதறீங்கம்மா” என்றார் அவர். அந்தக் குரலில் ஏதோ சலிப்பு இருந்தது. அப்போது எனக்கு அது பாராட்டாக மட்டுமே கேட்டது.

அன்று மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வரிச்சிக்குடியில் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டைக் கண்டுபிடித்த பிறகும், ஒரு தடவை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவள் அம்மாதான் இருந்தார். பெண் சென்னையில் என்று சொல்லி, என்ன விஷயம் என்று கேட்கக்கூடச் செய்யாமல், வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு என் முன்னால் நீட்டிவிட்டார். விடுதி அறை, கட்டிலில் துணிக் குவியல், நடுவில் அவள் முகம்.

நான் யார் என்று சொன்னேன். பட்டியலைச் சொன்னேன். எழுதிக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லத் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் உடைந்தது. அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

“ஐயோ அக்கா! அடுத்தது நீங்களா? எங்கப்பாதான் ரெண்டையும் கையில வச்சிக்க, இங்க புடிக்கலன்னா திரும்பி வந்துரலாம்னு டைம் கேக்கச் சொன்னாரு. எனக்கு இங்க செட்டாயிருச்சுக்கா. எனக்குப் பின்னாடி ஒரு ஆளு உக்காந்திருப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. நாளைக்கே அனுப்புறேன். எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். அவள் எழுதினாள். மறுநாள் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி: ‘அக்கா, மே மாசம் ஜெராக்ஸ் கடையில நீங்கதானா அது? அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?’

அதற்கு நான் பதில் போடவில்லை. ஆனால் அன்று எனக்கு அது வலிக்கவில்லை. பட்டியல் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “முழுசா ஆயிரும்மா” என்றேன். ஒரு வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே உறுதியான வார்த்தை அதுதான்.

இரண்டு வாரம் பார்த்தேன். ஆணை வரவில்லை. செப்டம்பரில் ஒருநாள் அதிகாலை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனேன். பிளாஸ்டிக் உறை மடியில். சிதம்பரம் தாண்டும்வரை, அலுவலகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

நியமனப் பிரிவு மாடியில். தொலைபேசியில் பேசியவர் இவர்தான் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். ஓய்வுபெற அதிக காலம் இல்லாத மனிதர். மேஜை நிறையக் கோப்புகள், எல்லாவற்றிலும் நாடாக்கள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். நான் எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

“அந்தப் பொண்ணோட லெட்டர் வந்துருச்சு” என்று இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினார். நான் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள், அவள் கையெழுத்தில். மேலே உள்வரவு எண் போட்டிருந்தது.

“அப்ப, சார்…”

“கோப்பு இல்லம்மா.”

எனக்குப் புரியவில்லை.

“தொலஞ்சு போகல. மேல இருக்கு. செயலகத்துல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க ஜூலையில ஒரு மனு போட்டீங்கல்ல? மூணு எடத்துக்கு நகல் போட்டீங்க. மூணு எடத்துலருந்தும் எங்களுக்கு வந்துச்சு, ‘இந்த மனுதாரர் கேட்டிருப்பது பற்றி அறிக்கை அனுப்பவும்’னு. செயலர்கிட்டருந்து வந்தது கோப்போட அனுப்பச் சொல்லி வந்துச்சு. அனுப்பினோம். அங்க பாத்துட்டு, மத்த ரெண்டு எடத்துக்கும் என்ன பதில் போட்டீங்கன்னு கேட்டாங்க. அதுக்கு ஒரு சுத்து. இப்ப அங்க உக்காந்திருக்கு.”

“நான் நிலையைத்தானே சார் கேட்டேன்? புகார் எதுவும் சொல்லலியே?”

“சொல்லல. அதான் சொன்னேனே, ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. கிறுக்கி எழுதின மனுன்னா யாராவது ‘பாத்தேன்’னு போட்டு இங்கயே முடிச்சிருப்பாங்க. இவ்வளவு சரியா எழுதினதை யாரும் சும்மா விட மாட்டாங்கம்மா. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவாங்களோன்னு ஒவ்வொருத்தரும் ஒரு கேள்வி எழுதிட்டாங்க.”

பக்கத்து மேஜையில் இருந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

“இந்த லெட்டரை வச்சுத் தனியா ஒரு கோப்பு போட முடியாதுங்களா சார்?”

“போட்டேன். நான் சும்மா இருக்கலம்மா. லெட்டர் வந்த மூணாம் நாளே தற்காலிகக் கோப்பு போட்டு அனுப்பினேன். ‘மூலக் கோப்புடன் சேர்த்து அனுப்பவும்’னு திரும்பி வந்துருச்சு. மூலக் கோப்பு அங்கதான் இருக்குன்னு எழுதி மறுபடி அனுப்பியிருக்கேன்.”

நான் உறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். எப்போதும் நான்கைந்து வைத்திருப்பேன். “அப்ப அந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்னு எழுதிக் குடுத்துடறேன் சார். இப்பவே.”

அவர் கையை நீட்டி அந்தத் தாளை மெதுவாக மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. அதையும் மேல அனுப்பணும். ஏன் திரும்பப் பெறுறாங்க, யாராவது மெரட்டினாங்களான்னு கேப்பாங்க. தயவுசெஞ்சு இனிமே எதுவும் எழுதாதீங்க.”

என் வாழ்க்கையில் ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நான் கேட்ட முதல் கெஞ்சல் அது. கெஞ்சியவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனுவை ஒவ்வொரு வாக்கியமாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன், எங்கே தவறு என்று. தவறே இல்லை. மே மாதத்தில் அந்தப் பெண் கடையில் என் எதிரே நின்றாள். இரண்டு காப்பி வருவதற்கு ஆகும் நேரம். நான் தாளின் ஓரத்தைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வந்ததும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்திலேயே இருந்திருக்கும். டீ சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னும் நாலு வாரம் இருக்குல்ல” என்றார். “வந்துரும்.”

நான்கு வாரமும் நான் எதுவும் எழுதவில்லை, போன் பண்ணவும் இல்லை. புதுச்சேரியில் அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டபடி சும்மா இருந்தேன். கடைக்கு மனு எழுத வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் கரைதொட்டு ஓடியது. அம்மாவுக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்தார். அவரும் கேட்கவில்லை. கடைசி நாளன்று காலையிலிருந்து வலைத்தளப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். வேறு வேலைகளுக்கு நடுவில் அந்தப் பக்கத்துக்கு வருவேன், புதுப்பிப்பேன், போவேன். நான்கு மணிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. உடனே திறந்தேன். அலுவலக ஜீப்புக்கு டயர் வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி.

ஐந்தே முக்காலுக்கு அக்கா எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்தை மூடினார். எழுத்தர் பணி அவ்வளவுதான் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அறிவிப்பாக எதுவும் வரவில்லை. பட்டியல் செல்லாமல் போவதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அது தானாகவே நடக்கிற ஒரே காரியம்.

புதுச்சேரியிலிருந்து அந்தப் பெரியவர் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். என் எண் மனுவில் இருந்ததாம். கோப்பு வந்துவிட்டது, பட்டியல் முடிந்து ஆறாம் நாள் என்றார். அடுத்த தேர்வு அறிவித்தால் கட்டாயம் எழுதுங்கள் என்றார். எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இதற்கு முன்னால் வந்த தேர்வுக்கும் இதற்கும் இடையில் எத்தனை வருடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் வயதும் மனுவில் இருந்தது.

ஜனவரியில், அறுப்பு நேரத்தில், பதில் வந்தது. தபால்காரர் வயலுக்கே போய் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதை மடிக்காமல், துண்டில் சுற்றி, வைக்கோல் தூசியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“பெருசா வந்திருக்கு பாப்பா. போன தடவ மாதிரி துண்டுச் சீட்டு இல்ல.”

உண்மைதான். முழுப் பக்கம். இந்த முறை தமிழிலேயே எழுதியிருந்தார்கள். பார்வையில் என் இரண்டு மனுக்களும், மூன்று அலுவலகங்களின் கடிதங்களும் எண்ணோடும் தேதியோடும் வரிசையாக இருந்தன. ஓர் எண்கூடத் தவறில்லை. மனுதாரரின் கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. மனுதாரரின் பிரிவில் ஒருவர் விருப்பமின்மை தெரிவித்தது உண்மையே. எனினும் காத்திருப்போர் பட்டியலின் காலவரம்பு முடிவுற்றுவிட்டபடியால், கோரிக்கையை ஏற்க இயலாத நிலை உள்ளது என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. நான் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை, நிலையைத்தான் கேட்டிருந்தேன். அதற்கான பதில் கடைசியில் வந்துவிட்டது. கீழே, கையெழுத்துக்கு அடியில், நகல் என்று போட்டு அதே மூன்று இடங்கள்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான் படித்து முடித்த பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன பாப்பா சொல்றாங்க?”

“இல்லன்னு சொல்லியிருக்காங்கப்பா.”

அவர் கழுத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

“மரியாதையாத்தானே எழுதியிருக்காங்க?”

“மரியாதையாத்தான்பா எழுதியிருக்காங்க.”

“சரி” என்றார். தாளை என் கையிலிருந்து வாங்கி, அதில் அழுக்குப் படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற கடிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிட்டு, அறுப்புக்குத் திரும்பிப் போனார்.